காலைக் கூட்ட உரையிலிருந்து வராத பிள்ளைகளுக்கு அரைப்பக்கச் செய்தி

*கேள்வி: எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசுவதை ஃபோனில் பதிவு செய்கிறோம். அன்று வராத பிள்ளைகளுக்கு அதைச் சுருக்கி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. எழுதினால் ஒன்றரைப் பக்கம் போகிறது. குறைத்தால் முக்கியமான ஏதோ ஒன்று விட்டுப்போய், மறுநாள் பெற்றோர் வந்து கேட்கிறார்கள். எப்படிச் செய்வது?*

உரையைச் சுருக்க முயல்வதுதான் சிக்கலின் வேர். பேச்சின் வரிசையிலேயே போய் ஒவ்வொரு பத்தியையும் பாதியாக்கினால் ஒன்றரைப் பக்கம்தான் வரும். அந்த ஒன்றரைப் பக்கத்திலும் அறிவிப்புகள் நடுநடுவே புதைந்து கிடக்கும். வராத பிள்ளைக்கு வேண்டியது இரண்டே: திரும்பி வரும்போது என்ன செய்ய வேண்டும், தலைமையாசிரியர் அன்று எதை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த இரண்டுக்கும் பதிவிலிருந்து பதில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் 15 நிமிடப் பேச்சு 120 முதல் 150 சொற்களுக்குள் அடங்கிவிடும். அது ஃபோனில் இரண்டு திரை, தாளில் அரைப்பக்கம்.

முதலில் பதிவைப் பற்றி. பலர் ஒலிபெருக்கி பக்கத்தில் ஃபோனை வைக்கிறார்கள், சத்தமாகக் கேட்கும் என்று. கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்புவதும் சேர்ந்து பதிவாகும். எண்கள்தான் அதில் முதலில் கெட்டுப்போகும்: பதினஞ்சா பதினொண்ணா, முப்பதா முந்நூறா என்று பத்து முறை போட்டுக் கேட்டாலும் தெரியாது. பேசுகிறவருக்கு ஓர் அடி தூரத்தில், மேசை மேல் ஃபோனை வையுங்கள். மேசை இல்லையென்றால் அவர் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் சட்டைப்பையில், மைக் பக்கம் மேலே இருக்கும்படி. அழைப்பு வந்தால் பல ஃபோன்களில் பதிவு நின்றுவிடும், அதனால் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கும் முன் பத்து விநாடி பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: பதிவைச் சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள். நாட்டுப்பண் முடிந்து வரிசை கலைவதற்குள் உடற்கல்வி ஆசிரியர் மைக் இல்லாமலேயே "பரேடுல இருக்கறவங்க மட்டும் நில்லுங்க" என்று ஆரம்பிப்பார். மறுநாள் பெற்றோர் வந்து கேட்கும் விஷயத்தில் பாதி அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லப்பட்டதாகத்தான் இருக்கும். கடைசி வரிசை மைதானத்தை விட்டுப் போகும்வரை பதிவு ஓடட்டும்.

இனி கேட்பது. முதல் முறை நிறுத்தாமல், ஒன்றேகால் அல்லது ஒன்றரை மடங்கு வேகத்தில் கேளுங்கள். ஃபோனில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியிலோ `VLC`யிலோ அந்த வசதி உண்டு. இந்தச் சுற்றில் நேரத்தையும் இரண்டு மூன்று சொற்களையும் மட்டும் குறியுங்கள்: "1:20 தண்ணீர்", "6:05 பஸ் பாஸ்", "8:40 மாத்திரை", "10:10 ஆகஸ்ட் 15", "12:50 நேரம் மாற்றினார்". எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்யத் தேவையில்லை, அதற்கு ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டாவது சுற்றில் அறிவிப்பு உள்ள இடங்களுக்கு மட்டும் போய், சாதாரண வேகத்தில், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழுக்கு அப்போதே மாற்றாதீர்கள். ஏன் என்று கீழே தெரியும்.

முதல் சுற்றை முழுதாகக் கேட்டே ஆக வேண்டியதற்குக் காரணம் அந்த 12:50. பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து காதில் சொல்வார்கள், அவரும் "ஆங்... எட்டரை இல்ல, எட்டேகாலுக்கே வந்துருங்க" என்று திருத்துவார். முதலில் சொன்ன நேரத்தை எழுதிக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குத் தாவியவருக்கு இந்தத் திருத்தம் கிடைக்காது. எந்த அறிவிப்பையும் பேச்சு முழுவதையும் கேட்ட பிறகே உறுதியானதாகக் கொள்ள வேண்டும்.

ஓர் அறிவிப்பை அருகில் வைத்துப் பார்க்கலாம். மாதிரிக்கு 2025 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை என்று கொள்வோம். பதிவில் இருப்பது இது:

"அப்புறம்... பஸ் பாஸ். பஸ்ல வர்றவங்க, இன்னைக்கு கிளாஸ்ல ஒரு ஃபாரம் குடுப்பாங்க. அதை ஃபில் பண்ணி, ஒரு போட்டோ ஒட்டி, அம்மா அப்பா யாராவது ஒருத்தர் கையெழுத்து வாங்கி, நாளன்னைக்குள்ள சார்கிட்ட குடுத்துரணும். போன வருஷம் மாதிரி கடைசி நாள்ல வந்து, சார் ஃபாரம் தொலைஞ்சு போச்சு, போட்டோ இல்லன்னு நிக்கக் கூடாது, என்ன? புதுசா சேந்தவங்க ரெண்டு போட்டோ."

இதை அப்படியே சுருக்கினால் "பஸ் பாஸ் படிவத்தைப் பூர்த்தி செய்து, புகைப்படம் ஒட்டி, நாளை மறுநாளுக்குள் ஆசிரியரிடம் தர வேண்டும்" என்று வரும். படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. வராத பிள்ளைக்கு மட்டும் அது பயன்படாது.

"நாளன்னைக்கு" யாருக்கு நாளன்னைக்கு? செய்தியைத் திங்கள் இரவு படிப்பவருக்குப் புதன், செவ்வாய்க் காலையில் படிப்பவருக்கு வியாழன். எனவே செய்தியில் நாளை, நாளை மறுநாள், வர்ற வெள்ளி, அடுத்த வாரம் என்ற சொற்கள் எதுவும் இருக்கக்கூடாது. தேதியும் கிழமையும் சேர்த்து "13.8 புதன்" என்று எழுதுங்கள். இரண்டையும் எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. தேதி தவறாகத் தட்டப்பட்டிருந்தால் கிழமை ஒத்துவராது, படிக்கும் யாராவது பிடித்துவிடுவார்கள். "வர்ற வெள்ளி" என்பதும் "அடுத்த வெள்ளி" என்பதும் பேச்சில் ஆளுக்கொரு பொருளில் வரும். சிலர் இரண்டையும் ஒரே நாளுக்குச் சொல்வார்கள். ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

"உள்ள" என்பதும் அப்படித்தான். "நாளன்னைக்குள்ள" என்றால் புதன்கிழமையும் கொடுக்கலாமா, இல்லை செவ்வாயோடு முடிகிறதா? பேசியவர் மனதில் பெரும்பாலும் புதன் மாலை வரை என்றுதான் இருக்கும். படிப்பவர் செவ்வாய் என்று எடுத்துக்கொண்டு பதறலாம், அல்லது புதன் காலையில் வந்து "முடிஞ்சுபோச்சு" என்று கேட்டுத் திரும்பலாம். "13.8 புதன் மாலை வரை" என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

"சார்" யார்? வகுப்பாசிரியரா, பஸ் பாஸ் வேலையைப் பார்க்கும் ஆசிரியரா, அலுவலகத்தில் இருப்பவரா? மைதானத்தில் நின்ற பிள்ளைகளுக்கு அவர் கையால் காட்டியிருப்பார், பதிவில் கை தெரியாது. இதே போல அவர் எட்டாம் வகுப்பு வரிசையைப் பார்த்து "நீங்க எல்லாரும் சாயங்காலம் இருக்கணும்" என்பார். தமிழில் யார் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும், பார்வையே அந்த வேலையைச் செய்துவிடும். பதிவை மட்டும் கேட்டு எழுதுகிறவர் அதை முழுப் பள்ளிக்குமான அறிவிப்பு என்று எழுதிவிடுவார், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சாயங்காலம் காத்திருக்கும். அதனால் கூட்டம் நடக்கும்போது ஒரு சின்னத் தாளில் அவர் யாரைப் பார்த்து, எதைக் காட்டிப் பேசுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "8ஆம் வகுப்பு", "அறிவிப்புப் பலகை", "கணக்கு சார்" என்று நான்கு சொல் போதும்.

"புதுசா சேந்தவங்க ரெண்டு போட்டோ" என்ற கடைசி வரியைக் கவனியுங்கள். கண்டிப்பு முடிந்து, அடுத்த விஷயத்துக்குப் போகும் முன் ஞாபகம் வந்து சொன்னது. கண்டிப்பு வந்ததுமே "இது அறிவிப்பு இல்லை" என்று நம் காது தளர்ந்துவிடும், விதிவிலக்கு அங்கேதான் நழுவும். அறிவிப்புக்குப் பின் வரும் அரை நிமிடத்தை இரண்டு முறை கேளுங்கள். கண்டிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அது அங்கே நின்றவர்களுக்குச் சொன்னது, வராத பிள்ளையின் வீட்டுக்கு எழுத்தில் போனால் அவர்களையே திட்டியது போல இருக்கும்.

பேச்சிலேயே இல்லாத ஒன்றும் இருக்கிறது: வராத பிள்ளையிடம் அந்தப் படிவமே இல்லை. "இன்னைக்குக் கிளாஸ்ல குடுப்பாங்க" என்பது வந்தவர்களுக்குத்தான் பொருந்தும். செவ்வாயும் வராமல் புதன்கிழமை வரும் பிள்ளை அன்று படிவம் வாங்கி, அன்றே பெற்றோர் கையெழுத்தோடு எப்படிக் கொடுக்கும்? ஒவ்வொரு அறிவிப்பையும் எழுதிய பிறகு "இன்று வராததால் இந்தப் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போனது, அதை எங்கே வாங்குவது, அவர்களுக்குக் கால நீட்டிப்பு உண்டா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் பதிவில் இருக்காது. நீங்களாகவும் எழுதக்கூடாது. தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது.

கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்து ஒரே முறையில் கேளுங்கள். மூன்று நான்கு கேள்விகளுக்கு மேல் இருக்காது, ஆமாம் இல்லை என்று சொல்லும்படி எழுதிக் காட்டினால் நின்றபடியே பதில் சொல்லிவிடுவார்: "ஐயா, பஸ் பாஸ் படிவம் புதன் மாலை வரை, வகுப்பாசிரியரிடம், சரிங்களா? இன்று வராதவர்களுக்கு வியாழன் வரை தரலாமா?" என்ற மாதிரி. "அந்த பஸ் பாஸ் விஷயம் என்னங்கய்யா" என்று கேட்டால் இன்னொரு ஐந்து நிமிடப் பேச்சுதான் கிடைக்கும்.

பேச்சுத் தமிழிலேயே முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னதன் காரணம், வினையின் ஈற்றில் இருக்கும் கட்டாயத்தின் அளவு. "வரணும்" என்பது கட்டாயம், "வந்தா நல்லது" என்பது விருப்பம், "வரலாம்" என்பது அனுமதி, "வரச் சொல்லிருக்காங்க" என்பது மேலிடத்து உத்தரவு. கேட்டவுடன் எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறவர்கள் எல்லாவற்றையும் "வர வேண்டும்" என்று ஆக்கிவிடுவார்கள். கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம் என்று சொன்னது "பெயர் கொடுக்க வேண்டும்" என்று போனால் பிள்ளை பயந்துகொண்டு பெயர் கொடுக்கும். பேச்சு வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வினைமுடிவையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். "மழை இல்லன்னா", "வண்டி வந்துச்சுன்னா" என்று தொங்கும் நிபந்தனைகளும் இப்படித்தான் காணாமல் போகும். அவற்றையும் அப்போதே பிடித்துவிடலாம்.

அடுத்த அறிவிப்பு, குடற்புழு நீக்க மாத்திரை. பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள், அன்று விடுபட்ட பிள்ளைகளுக்கு என்று பின்னால் ஒரு நாளும் வைக்கிறார்கள். மாதிரிப் பேச்சில் தலைமையாசிரியர் இப்படிச் சொன்னதாகக் கொள்வோம்: புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுப்பார்கள், வெறும் வயிற்றில் போடக்கூடாது, நன்றாக மென்று விழுங்க வேண்டும், விட்டவர்களுக்கு அடுத்த புதன். பிறகு போகிற போக்கில், "காய்ச்சல் கீய்ச்சல் இருக்கறவங்க, வேற மாத்திரை சாப்பிடறவங்க டீச்சர்கிட்ட சொல்லிருங்க".

மைதானத்தில் நின்ற நானூறு பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி வரி துணைத் தகவல். வராத பிள்ளைகளுக்கோ அதுதான் தலைப்புச் செய்தி, ஏனென்றால் வராதவர்களில் பலர் காய்ச்சலால்தான் வரவில்லை, பலர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்சில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார் என்பதை வைத்துச் செய்தியில் இடம் ஒதுக்காதீர்கள். படிப்பவர் நிலையிலிருந்து எது முக்கியமோ அது முன்னால் வரட்டும். மருந்து பற்றிய அறிவிப்பில் இன்னொரு எச்சரிக்கை: அவர் சொல்லாத மருத்துவ விளக்கம் எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். பெற்றோர் மேலும் கேட்டால் வகுப்பாசிரியரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது உரையின் சாரம். அறிவிப்புகளைவிட இதுதான் கடினம், பெரும்பாலும் மோசமாக எழுதப்படுவதும் இதுதான். வழக்கமாக வருவது: "தலைமையாசிரியர் நீர் சிக்கனத்தின் அவசியம் குறித்துச் சிறப்புரையாற்றினார். மாணவர்கள் நீரைச் சேமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்." இதில் செய்தியே இல்லை. எந்தப் பள்ளிக்கும் எந்த நாளுக்கும் இதை ஒட்டிவிடலாம்.

பதிவில் தேட வேண்டியது மூன்று. இன்று இதைப் பேச வைத்தது எது? அவர் வாயிலிருந்து வந்த, பிள்ளைகள் திரும்பச் சொல்லக்கூடிய ஒரு வரி எது? எதைச் செய்யச் சொன்னார்? நம் மாதிரிப் பேச்சில் தண்ணீர் பற்றி நாலரை நிமிடம் ஓடியது. ஒரு குறள், அவர் சின்ன வயதில் ஊரில் இருந்த ஒற்றைக் கிணறு, செய்தித்தாளில் படித்தது எல்லாம் வந்தன. ஆனால் பேசத் தூண்டியது 3:30இல் இருக்கிறது: தட்டு கழுவும் குழாய்களைத் திறந்தபடியே விட்டுப் போகிறார்கள், மேல்தொட்டி இரண்டு மணிக்கே காலி, அதன் பிறகு கழிப்பறையில் தண்ணீர் இல்லை. அந்த வரி 4:50இல்: "நீ மூடாத குழாய், இன்னொரு பிள்ளைக்கு வராத தண்ணி." செய்யச் சொன்னது அதை ஒட்டியே: கடைசியாகக் கழுவுகிறவர் குழாயை மூடிவிட்டுத்தான் வகுப்புக்கு வர வேண்டும். இந்த மூன்றையும் மூன்று வாக்கியத்தில் எழுதினால் கூட்டத்துக்கு வராத பிள்ளையும் மறுநாள் குழாயடியில் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பேச்சின் கருவைக் கண்டுபிடிக்கத் திணறினால் கடைசி இரண்டு நிமிடத்துக்குப் போங்கள். அனுபவமுள்ள தலைமையாசிரியர்கள் முடிக்கும்போது "இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றோ, "என்ன செய்யணும்? சொல்லுங்க" என்றோ கேட்டுப் பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். பிள்ளைகள் ஒருமித்துச் சொல்லும் அந்த வரிதான் பெரும்பாலும் கரு. அவருடைய வரியை மேற்கோளில் போடும்போது பேச்சு வழக்கிலேயே விடுங்கள். "தண்ணி"யைத் "தண்ணீர்" என்று திருத்தினால் அவர் குரல் போய்விடும். ஆனால் ஒரு வரிக்கு மேல் மேற்கோள் வேண்டாம்.

குறளைச் சேர்க்க வேண்டுமா? மனப்பாடம் செய்யச் சொன்னாலோ வகுப்பில் கேட்பதாகச் சொன்னாலோ மட்டும் சேருங்கள், அப்போது முழுக் குறளும் எண்ணும் வேண்டும். எண்ணைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால், கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்று கூட்டினால் அதிகார எண் வரும். பூஜ்யத்தில் முடிந்தால் மட்டும் கூட்ட வேண்டாம். "நீரின்று அமையாது உலகெனின்" என்ற குறளின் எண் 20, எனவே 2ஆம் அதிகாரம், வான்சிறப்பு. பதிவில் அது "இருபத்தொண்ணு" என்று காதில் விழுந்திருந்தால் 3ஆம் அதிகாரம், நீத்தார் பெருமை என்று வரும். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உடனே தெரிந்துவிடும். குறளை மட்டும் காதால் கேட்டு எழுதாதீர்கள், புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள்.

பேச்சில் பிள்ளைகளின் பெயர்கள் வரும். பரிசு வாங்கியவர் பெயரைப் போடலாம், எழுத்துச் சரியா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டு. திட்டு வாங்கியவர், கட்டணம் கட்டாதவர், உடம்பு சரியில்லாதவர் யார் பெயரும் செய்தியில் வரக்கூடாது, "ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன்" என்ற அளவில்கூட வேண்டாம். ஊரில் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். பதிவையும் குழுவில் போடாதீர்கள். அதில் அந்தப் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, பதினைந்து நிமிடத்தை யாரும் கேட்கப்போவதும் இல்லை. அடுத்த கூட்டம் வரை வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம்.

எல்லாம் சேர்ந்து வரும் வடிவம் இது. சுதந்திர தினமும் கட்டுரைப் போட்டியும் மேலே சொன்ன முறையிலேயே எடுத்தவை. வாட்ஸ்அப்பில் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அந்த வரி தடித்துத் தெரியும்.

```
*காலைக் கூட்டச் செய்தி: 11.8.2025 திங்கள்*
இன்று வராத மாணவர்களுக்கு

*பஸ் பாஸ்* (பஸ்ஸில் வருபவர்கள் மட்டும்)
படிவம் இன்று வகுப்பில் கொடுக்கப்பட்டது. வரும் அன்று
வகுப்பாசிரியரிடம் வாங்கிக்கொள்ளவும். போட்டோ 1
(இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் 2), அம்மா அல்லது
அப்பா கையெழுத்து. இன்று வராதவர்கள் 14.8 வியாழன்
மாலை வரை வகுப்பாசிரியரிடம் தரலாம்.

*குடற்புழு மாத்திரை*: 13.8 புதன், எல்லா வகுப்புக்கும்
காய்ச்சல் உள்ளவர்கள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள்
முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லவும். மதிய உணவுக்குப்
பிறகு தரப்படும், வெறும் வயிற்றில் கூடாது. மென்று
விழுங்க வேண்டும். விடுபட்டவர்களுக்கு 20.8 புதன்.

*சுதந்திர தினம்*: 15.8 வெள்ளி, காலை 8.15
எல்லாரும் சீருடையில் வர வேண்டும். அணிவகுப்பில்
இருப்பவர்களுக்கு மட்டும்: 14.8 வியாழன் கடைசி 2
பாடவேளை ஒத்திகை, வெள்ளை ஷூ.

*கட்டுரைப் போட்டி* (8, 9, 10ஆம் வகுப்பு)
விரும்புபவர்கள் 14.8 வியாழன் மதியம் வரை
தமிழாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம்.

*தலைமையாசிரியர் சொன்னது*
தட்டு கழுவும் குழாய்கள் திறந்தே கிடப்பதால் தொட்டி
2 மணிக்கே காலியாகி, கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல்
போகிறது. "நீ மூடாத குழாய், இன்னொரு பிள்ளைக்கு வராத
தண்ணி." கடைசியாகக் கழுவுபவர் குழாயை மூடிவிட்டு
வகுப்புக்கு வர வேண்டும்.
```

பேச்சில் தண்ணீர் முதலில் வந்தது, இங்கே கடைசியில் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு ஃபோனைப் பார்க்கும் அம்மா முதலில் தேடுவது நாளைக்கு எதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத்தான். அறிவிப்புகளுக்குள்ளும் வீட்டில் முன்பே ஏதாவது செய்ய வேண்டியது மேலே, விரும்புபவர்களுக்கு மட்டுமானது கீழே போகட்டும். தலைமையாசிரியர் தன் கருத்து முதலில் வர வேண்டும் என்று விரும்பினால் அப்படியே செய்யலாம், ஆனால் மூன்று வரியைத் தாண்டாமல். தாண்டினால் கடைசி அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் "மேலும் படிக்க" என்ற மடிப்புக்குக் கீழே போய்விடலாம்.

பஸ் பாஸில் பொதுக் கெடுவான 13ஆம் தேதியை இங்கே எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்தச் செய்தியைப் படிக்க வேண்டியவருக்கு 14தான் கெடு. இரண்டு தேதியையும் எழுதினால் எது தனக்கு என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். இதே செய்தியை முழுப் பள்ளியின் குழுவிலும் போடுவதாக இருந்தால் மட்டும் இரண்டும் வேண்டும், அப்போது யாருக்கு எது என்று தனித்தனி வரியில் எழுதுங்கள்.

அனுப்புவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் அடிக்கடி வரும். பள்ளி அலுவலகக் கணினியில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது ஃபோனின் தமிழ் விசைப்பலகையிலேயே எழுதிவிடுங்கள். படமாக மாற்றி அனுப்புவதைவிட எழுத்தாகவே அனுப்புவது நல்லது. கண் தெரியாத பெற்றோர் ஃபோனைப் படிக்க வைத்துக் கேட்கலாம், தேதியைத் தேடி எடுக்கலாம். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதே செய்தியை நிதானமாக வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள், இரண்டு நிமிடத்துக்குள்தான் வரும். ஃபோனே இல்லாத வீட்டுக்குத் தாளில் அச்சிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதைவிட நம்பகமான வழி இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து எத்தனை தாள் வேண்டும் என்று மதியத்துக்குள் எண்ணிவிடலாம்.

தவறு நேர்ந்தால்: வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும். ஆனால் அதற்குள் படித்தவருக்கு மாற்றம் கண்ணில் படாது. எனவே தேதி, நேரம், இடம் மாறினால் அந்த அறிவிப்பை மட்டும் முழுதாக, "திருத்தம்" என்ற தலைப்போடு புதிதாக அனுப்புங்கள். "8.30 அல்ல 8.15" என்று தனியாக அனுப்பினால் எதற்கு 8.15 என்று கேட்டு இருபது அழைப்பு வரும். "திருத்தம்: சுதந்திர தினம் 15.8 வெள்ளி, காலை 8.15க்கு வர வேண்டும். முன்பு 8.30 என்று அனுப்பியிருந்தோம்" என்று போனால் போதும்.

அனுப்பும் முன் கூட்டத்துக்கு வராத ஒருவரிடம், உதாரணமாக அன்று விடுப்பில் இருந்த ஆசிரியரிடம், படிக்கக் கொடுத்து "பஸ்ஸில் வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளை புதன்கிழமை திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். வந்தவர்களிடம் கேட்டுப் பயனில்லை, விட்டுப்போனதை அவர்கள் நினைவிலிருந்து தாமே நிரப்பிக்கொண்டு சரியாக இருக்கிறது என்பார்கள். வராதவர் எந்த இடத்தில் "யார்கிட்ட?", "எப்போ?" என்று திருப்பிக் கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பதிவு நன்றாக இருந்தால் முதல் சுற்றுக்கு 10 முதல் 12 நிமிடம், அறிவிப்புகளுக்கு 10, எழுத 15, தலைமையாசிரியரிடம் கேட்க 5. காலை ஒன்பதரைக்குக் கூட்டம் முடிந்தால் மதிய இடைவேளைக்குள் செய்தி தயார். மாலை வரை தள்ளிப்போட்டால் "கணக்கு சார்" என்று தாளில் குறித்தது எதற்கு என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.